சரியாக வாசித்தது, பிழையான இடத்தில் எழுதியது

கடைகளிலும் நூலகங்களிலும் பார்கோட் ஸ்கேனரை நாம் அன்றாடம் காண்கிறோம். "பீப்" என்ற சத்தம் கேட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் அந்தச் சத்தம் சொல்வது ஒன்றை மட்டும்தான்: எண் வாசிக்கப்பட்டுவிட்டது. அந்த எண் எங்கே போய் விழுந்தது என்பதை அது சொல்வதில்லை.

கம்பியால் கணினியுடன் இணைக்கும் சாதாரண ஸ்கேனர்கள் பெரும்பாலும் தம்மை ஒரு விசைப்பலகை என்றே கணினிக்கு அறிமுகம் செய்கின்றன. அட்டை வாசிக்கும் கருவிகள் பலவும் அப்படித்தான். கோடுகளை வாசித்ததும் 13 இலக்கங்களையும் ஒரு நொடிக்குள் தட்டி, இறுதியில் Enter விசையையும் ஸ்கேனர் அழுத்திவிடும். திரையில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கர்சர் எந்தப் பெட்டியில் துடித்துக்கொண்டிருக்கிறதோ, அங்கே இலக்கங்கள் கொட்டும்.

பார்கோட்டில் பிழை கண்டுபிடிக்கும் இலக்கம் ஒன்று இருக்கிறதே என்று கணிதம் படிப்பவர்கள் கேட்கலாம். உண்மைதான். கணக்குக்காக நான் அமைத்துக்கொண்ட 479123456789 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 1ஆம், 3ஆம், 5ஆம் என ஒற்றை இடங்களில் உள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகை 33. இரட்டை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 32. அதன் மும்மடங்கு 96. மொத்தம் 129. அடுத்த பத்தின் மடங்கான 130ஐ அடைய 1 தேவை. அதுவே 13ஆவது இலக்கம். ஸ்கேனர் இந்தக் கணக்கைச் செய்து பார்த்த பின்னரே சத்தமிடுகிறது. ஆகவே எண் சரியாக இருக்கும். இடம் சரியா என்பதற்கு இந்தக் கணக்கில் விடையில்லை.

எனது சாச்சாவின் பலசரக்குக் கடையில் விடுமுறை நாட்களில் இருப்புக் கணக்கெடுப்பைப் பார்த்திருக்கிறேன். முதலில் பொருளை ஸ்கேன் செய்வார்கள். கர்சர் "எண்ணிக்கை" பெட்டிக்குத் தாவும். தட்டில் உள்ளதை எண்ணி, 24 என்று தட்டிவிட்டு Enter அழுத்துவார்கள். பிறகு அடுத்த பொருள்.

ஒருமுறை கணக்கெடுப்பின் இறுதியில் ஒரு பிஸ்கட் வகை 479 பக்கற்றுகள் இருப்பதாகப் பட்டியல் காட்டியது. தட்டில் இருந்தவை 24. வேறு பக்கத்தில் ஒரு தேயிலை வகைக்கும் அதே 479. அந்த எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. இலங்கையில் பதிவு பெற்ற நிறுவனங்களின் பார்கோட் எண்கள் 479 என்றே தொடங்கும். பிஸ்கட்டின் எண்ணிக்கையைத் தட்டுவதற்கு முன்னர் அடுத்த பொருளான சவர்க்காரம் ஸ்கேன் செய்யப்பட்டிருக்கிறது. சவர்க்காரத்தின் எண் பிஸ்கட்டின் எண்ணிக்கைப் பெட்டியில் கொட்டியிருக்கிறது. அந்தப் பெட்டி மூன்று இலக்கங்களை மட்டுமே ஏற்கும். மிகுதி பத்தும் சத்தமின்றி உதிர்ந்துவிட்டன. பின்னால் வந்த Enter அதைச் சேமித்தும் விட்டது. இங்கே பிழை ஒன்றல்ல, இரண்டு. பிஸ்கட் கூடிவிட்டது, சவர்க்காரம் கணக்கிலேயே சேரவில்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பெட்டிக்கு எல்லை இல்லாதிருந்தால் எண்ணிக்கை பல இலட்சம் கோடியாகத் தெரிந்திருக்கும். எவரும் உடனே கண்டுபிடித்திருப்பார்கள். பாதுகாப்புக்காக வைத்த மூன்று இலக்க எல்லைதான் பிழையை நம்பக்கூடிய எண்ணாக மாற்றியது. 479 பக்கற் இருக்கிறது என்று நம்பினால் கடைக்காரர் புதிதாக வாங்கமாட்டார். பொருள் தீர்ந்த பிறகே உண்மை தெரியவரும். இப்போது சாச்சா கணக்கெடுப்பு முடிந்ததும் பட்டியலை எண்ணிக்கை வரிசைப்படி அடுக்கி, 479 இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார். புத்தகக் கடையாக இருந்தால் தேட வேண்டியது 978. புத்தகங்களின் பார்கோட் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும்.

"நிச்சயமா?" என்று கேட்கும் சிறு பெட்டியை வைத்தால் போதாதா? போதாது. அதற்கு "ஆம்" சொல்வதும் Enter விசைதான். அடுத்த ஸ்கேனுடன் வரும் Enter மனிதருக்குப் பதிலாக விடை சொல்லிவிடும். நீளமான எண் வந்தால் அதை வெட்டாமல் முழுவதுமாக மறுப்பதே நல்லது.

அதைவிடச் சிறந்த வழி, இலக்கங்களுக்கு முன்னால் ஓர் அடையாளத்தை அனுப்பும்படி ஸ்கேனரை அமைப்பது. பல ஸ்கேனர்களின் கைநூலில் இதற்கென்றே அச்சிட்ட பார்கோட் இருக்கும்; அதை ஸ்கேன் செய்தால் அமைப்பு மாறும். யாரும் கையால் தட்டாத ~ போன்ற ஒரு குறியைத் தெரிவு செய்யலாம். அந்தக் குறி வந்ததும், "இது மனிதர் தட்டியதல்ல" என்று மென்பொருள் அறிந்து, வரும் எண்ணைப் பொருளுக்குரிய பெட்டிக்கு அனுப்பும். மென்பொருளையும் அதற்கேற்ப எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குறியும் சேர்ந்தே பெட்டியில் விழும்.

ஸ்கேனர் என்ன அனுப்புகிறது என்பதைப் பார்க்க Notepadஐத் திறந்து, ஏதாவது ஒரு பொருளை ஸ்கேன் செய்தால் போதும். இலக்கங்கள் தோன்றி, கர்சர் அடுத்த வரிக்குப் போனால், Enterஉம் வந்திருக்கிறது என்று அறியலாம். "பீப்" சத்தத்தின் பின்னர் பொருளை அல்ல, திரையைப் பார்க்க வேண்டும்.