வெறும் குறிப்பிலிருந்து மார்க்டவுனுக்கு

வெறும் எழுத்தில் தட்டிய ஒரு குறிப்பில் எது தலைப்பு, எது பட்டியல் என்பதைக் கண் எளிதில் பிரித்தறிந்துவிடும். தனி வரியில் நிற்கும் சொல் தலைப்பு. சற்று உள்ளே தள்ளியிருப்பது துணைச் செய்தி. நட்சத்திரங்களுக்கு நடுவே இருப்பது முக்கியமானது. கணினி அப்படி ஊகிக்காது. ஒவ்வொரு வரியும் என்ன வேலை செய்கிறது என்பதை அதற்கு வெளிப்படையான குறிகளால் சொல்ல வேண்டும். அந்தக் குறிகளின் தொகுப்புதான் மார்க்டவுன். ஜான் க்ரூபர் 2004இல் இதை வெளியிட்டார். வடிவமைப்பில் ஆரன் ஸ்வார்ட்ஸ் உதவினார். குறிகள் அப்படியே கிடந்தாலும் மனிதர் படிக்க இடைஞ்சல் இருக்கக்கூடாது என்பது க்ரூபரின் நோக்கம். அவருடைய விளக்கம் சில இடங்களில் தெளிவில்லாமல் இருந்ததால் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2014இல் காமன்மார்க் என்ற துல்லியமான விதித்தொகுப்பு வந்தது. கீழே சொல்லப்படுபவை அந்த விதிகளின்படி அமைந்தவை.

ஒரு பள்ளியின் ஆண்டு விழாக் கூட்டத்தில் எழுதப்பட்ட குறிப்பு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம்:

```
ஆண்டு விழா ஏற்பாடு
------------------
10. 2. 2025 ஆசிரியர் கூட்டம்

மேடை
• பந்தல்
   - முன்வாசலில் ஒன்று
   - சாப்பாட்டு இடத்தில் ஒன்று
• ஒலிபெருக்கி

உணவு
செலவு *ரூ.12,000*க்குள்
1) காலைச் சிற்றுண்டி
அ) இட்லி
ஆ) பொங்கல்
2) மதியச் சாப்பாடு
```

படிப்பவருக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் இதை மாற்றாமல் அப்படியே ஒரு மார்க்டவுன் மென்பொருளில் ஒட்டினால் பல இடங்களில் உருக்குலைந்துவிடும். எங்கே, ஏன் என்று பார்த்தாலே மாற்றும் முறை பிடிபட்டுவிடும்.

முதலில் தலைப்புகள். மார்க்டவுனில் வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறி இட்டால் அது தலைப்பு. ஒரு குறி முதல் நிலை, இரண்டு குறி இரண்டாம் நிலை என ஆறு நிலைகள் வரை உண்டு. குறிக்கும் சொல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி கட்டாயம். `##மேடை` என்று ஒட்டி எழுதினால் காமன்மார்க் அதைத் தலைப்பாக ஏற்காது. ஹேஷ் குறிகள் திரையில் அப்படியே தெரியும்.

மேலே உள்ள குறிப்பில் தலைப்பின் கீழே அழகுக்காகப் போட்ட கோடுதான் முதல் சிக்கல். ஒரு வரியை ஒட்டி அடுத்த வரியில் சிறுகோடுகள் வந்தால், மேலே உள்ள வரி இரண்டாம் நிலைத் தலைப்பு என்பது மார்க்டவுனின் பழைய விதி. சமக்குறிகளால் கோடு போட்டால் அது முதல் நிலை. ஆகவே முழு ஆவணத்தின் பெயர் இங்கே இரண்டாம் நிலைக்கு இறங்கிவிடுகிறது. இதே விதி வேறிடத்திலும் தொல்லை தரும். ஒரு பத்தி முடிந்ததும் பிரிப்புக் கோடாக மூன்று சிறுகோடுகளை நடுவில் வெற்று வரி விடாமல் போட்டால், அந்தப் பத்தி முழுவதும் பெரிய தலைப்பாக வீங்கி நிற்கும். கோட்டுக்கு மேலே ஒரு வெற்று வரி விட்டால் அது வெறும் பிரிப்புக் கோடாகவே இருக்கும்.

நிலையைத் தீர்மானிப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. பலர் எழுத்தின் அளவைப் பார்த்து நிலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் நிலை மிகப் பெரிதாகத் தெரிகிறது என்று நேரே மூன்றாம் நிலைக்குத் தாவுகிறார்கள். இது தவறு. தலைப்பு நிலை, ஒரு பகுதி எந்தப் பகுதிக்குள் அடங்குகிறது என்பதைச் சொல்கிறது; அளவு எப்படி இருக்க வேண்டும் என்பது வடிவமைப்பின் வேலை. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவி, ஒவ்வொன்றின் நிலையையும் சொல்லிக்கொண்டே போகும். இரண்டாம் நிலைக்குப் பிறகு திடீரென நான்காம் நிலை வந்தால், நடுவில் ஏதோ விடுபட்டதாகத்தான் கேட்பவர் நினைப்பார். எனவே ஆவணத்தின் பெயர் மட்டும் முதல் நிலை. அதற்குள் அடங்கும் மேடை, உணவு இரண்டும் இரண்டாம் நிலை. இறங்கும்போது ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும்.

ஒரு சொல்லைத் தலைப்பாக்குவதா, பட்டியலின் உருப்படியாக்குவதா என்ற ஐயம் அடிக்கடி வரும். ‘காலைச் சிற்றுண்டி’ என்பதை மூன்றாம் நிலைத் தலைப்பாகவும் வைக்கலாமே? அதன் கீழே பத்தியாக விளக்கம் வரப்போகிறது என்றால் தலைப்பு சரி. வெறும் இரண்டு பதார்த்தங்களின் பெயர்தான் வருகிறது என்றால் பட்டியலே போதும். தலைப்பு வேண்டிய இடத்தில் வரியைத் தடித்த எழுத்தாக்கி விடுவது மட்டும் கூடாது. பார்வைக்குத் தலைப்பு போலத் தெரிந்தாலும் பொருளடக்கத்தில் அது இடம்பெறாது.

அடுத்தது பட்டியல். இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. `•` என்ற புள்ளி மார்க்டவுனுக்கு ஒரு சாதாரண எழுத்து, அவ்வளவுதான். சிறுகோடு, கூட்டல் குறி, நட்சத்திரக் குறி ஆகிய மூன்று மட்டுமே பட்டியலைத் தொடங்கும். ஆகவே நம் குறிப்பை அப்படியே ஒட்டும்போது ‘மேடை • பந்தல்’ என்று இரண்டு வரிகளும் ஒரே பத்தியாகச் சேர்ந்துவிடும். ‘ஒலிபெருக்கி’க்கு நேர்வது இன்னும் விசித்திரமானது. அதற்கு முந்தைய வரி முறையான பட்டியல் உருப்படி. புதிய குறி எதுவும் இல்லாத அடுத்த வரி அந்த உருப்படியின் தொடர்ச்சி என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். விளைவாக ‘சாப்பாட்டு இடத்தில் ஒன்று • ஒலிபெருக்கி’ என்று படிக்க நேரும்.

தமிழ் வரிசை எழுத்துகளுக்கும் இதே கதி. எண்ணுக்குப் பின் புள்ளியோ அடைப்புக்குறியோ வந்து, பிறகு இடைவெளி இருந்தால் மட்டுமே எண்வரிசைப் பட்டியல் உருவாகும். `அ)`, `ஆ)` எதற்கும் பொருள் இல்லை. அவை ‘காலைச் சிற்றுண்டி’யோடு ஒரே வரியில் ஒட்டிக்கொள்ளும். மாறாக, பட்டியலே வேண்டாத இடத்தில் பட்டியல் முளைப்பதும் உண்டு. `10. 2. 2025` என்று இடைவெளி விட்டு எழுதிய தேதி வரியின் தொடக்கத்தில் இருக்கிறது. மென்பொருள் அதைப் பத்தாவது உருப்படி என்றும், அதற்குள் இரண்டாவது உருப்படி என்றும் பிரித்துவிடும். தேதி படிக்கட்டு போல உள்ளே இறங்கி நிற்கும். இடைவெளி இல்லாமல் `10.2.2025` என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. ஆண்டோ எண்ணோ வரியின் முதலில் வந்து, புள்ளியும் இடைவெளியும் தவிர்க்க முடியாது என்றால், `10\.` என்பதுபோல் புள்ளிக்கு முன் பின்சாய்வுக்கோடு இட வேண்டும்.

உள்பட்டியலுக்கு விதி ஒன்றுதான்: மேல் உருப்படியின் சொல் எந்த இடத்தில் தொடங்குகிறதோ, உள் உருப்படியின் குறி குறைந்தது அந்த இடத்துக்காவது வர வேண்டும். மேலே சிறுகோடும் ஓர் இடைவெளியும் இருந்தால் சொல் தொடங்குவதற்கு முன் இரண்டு இடங்கள் போய்விட்டன. ஆகவே உள்ளே இரண்டு இடைவெளி போதும். மேலே `1.` இருந்தால் மூன்று வேண்டும். பட்டியல் பத்தாவது எண்ணை எட்டியதும் `10.` நான்கு கேட்கும். ஒன்பது உருப்படிகள் வரை ஒழுங்காக வந்த உள்பட்டியல் பத்தாவதில் மட்டும் வெளியே குதித்துவிட்டால் காரணம் இதுதான்.

பைத்தான்-மார்க்டவுன் போன்ற சில மென்பொருள்கள் பழைய வழக்கப்படி நான்கு இடைவெளி இருந்தால்தான் உள்பட்டியலாக ஏற்கும். இரண்டு விட்டால் எல்லா உருப்படிகளும் ஒரே மட்டத்தில் சமமாகிவிடும். ஒவ்வொரு மட்டத்துக்கும் நான்கு இடைவெளி என்று வைத்துக்கொள்வதே நல்லது. காமன்மார்க்கிலும் அது செல்லும். ஒரே ஓர் எச்சரிக்கை: மேலே உருப்படி எதுவும் இல்லாமல், வெற்று வரிக்குப் பிறகு நான்கு இடைவெளி விட்டுத் தொடங்கும் வரி நிரல்வரியாகக் கருதப்படும். தட்டச்சுப்பொறி எழுத்தில், பெரும்பாலும் சாம்பல் நிறப் பின்னணியில் ஒரு வரி தெரிந்தால், அது தன் மேல் உருப்படியை இழந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது, அழுத்தம். வாட்ஸ்அப்பில் ஒற்றை நட்சத்திரம் தடித்த எழுத்தைத் தரும். மார்க்டவுனில் அதே குறி சாய்வெழுத்தைத் தரும். தடித்த எழுத்துக்கு இரட்டை நட்சத்திரம் வேண்டும். தமிழில் சாய்வெழுத்து அச்சு மரபில் வேரூன்றவில்லை. பல தமிழ் எழுத்துருக்களில் அதற்கென வரைந்த வடிவமும் இல்லாததால், நேர் எழுத்தை உலாவி செயற்கையாகச் சரித்துக் காட்டும். அழுத்தத்துக்குத் தடித்த எழுத்தையே பயன்படுத்துவது கண்ணுக்கு இதம்.

தமிழுக்கே உரிய சிக்கல் வேற்றுமை உருபுகளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் சொல்லுக்குப் பின் பெரும்பாலும் இடைவெளி வந்துவிடும். தமிழில் உருபு சொல்லோடு ஒட்டி வரும். கீழே நான்கு வரிகள்:

```
**அரிசி**யை வாங்கு
__அரிசி__யை வாங்கு
**“அரிசி”**யை வாங்கு
**குறிப்பு:**அரிசி வாங்கு
```

முதல் வரி மட்டுமே சரியாக வரும். அடிக்கோட்டுக் குறியை எழுத்துகளுக்கு நடுவே மூட முடியாது என்பதால் இரண்டாவது தோற்கிறது. மற்ற இரண்டிலும் மூடும் நட்சத்திரங்களுக்கு முன்னே நிறுத்தக்குறியும் பின்னே எழுத்தும் இருக்கின்றன. அந்த நிலையில் அவை மூடும் குறிகளாகக் கொள்ளப்படுவதில்லை. நட்சத்திரங்கள் அப்படியே திரையில் நிற்கும். மூன்றாம் வரியில் மேற்கோள் குறிகளை நட்சத்திரங்களுக்கு வெளியே வைக்கலாம். நான்காம் வரியில் முக்காற்புள்ளியை வெளியே தள்ளலாம் அல்லது நட்சத்திரங்களுக்குப் பின் ஓர் இடைவெளி விடலாம். நட்சத்திரங்களுக்கு உள்ளே, சொல்லை ஒட்டி இடைவெளி விட்டாலும் அழுத்தம் வராது.

இன்னொன்று: ‘பாலை’ என்ற சொல்லில் ‘பால்’ மட்டும் தடிக்க வேண்டும் என்று குறியை நடுவே செருகக்கூடாது. ‘லை’ என்பதில் உள்ள ஐகாரக் குறி தன் மெய்யிலிருந்து பிரிந்து, புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். அப்படிப்பட்ட சொற்களை உருபோடு சேர்த்தே தடிக்க வேண்டும்.

இவற்றை எல்லாம் கவனித்து மாற்றிய குறிப்பு இது:

```
# ஆண்டு விழா ஏற்பாடு

10.2.2025 ஆசிரியர் கூட்டம்

## மேடை

- பந்தல்
    - முன்வாசலில் ஒன்று
    - சாப்பாட்டு இடத்தில் ஒன்று
- ஒலிபெருக்கி

## உணவு

செலவு **ரூ.12,000**க்குள்

1. காலைச் சிற்றுண்டி
    - இட்லி
    - பொங்கல்
2. மதியச் சாப்பாடு
```

இட்லிக்கும் பொங்கலுக்கும் வரிசை முக்கியமில்லை என்பதால் எழுத்து வரிசை போய்ச் சிறுகோடு வந்திருக்கிறது. பின்னால் யாராவது ‘1ஆ’ என்று சுட்ட வேண்டியிருந்தால், உள்ளேயும் எண்களையே இட வேண்டும். தலைப்புக்கும் பட்டியலுக்கும் முன்னும் பின்னும் விடப்பட்ட வெற்று வரிகள் எல்லா மென்பொருளிலும் ஒரே விளைவைத் தரும். ஆனால் ஒரே பட்டியலின் உருப்படிகளுக்கு நடுவே வெற்று வரி விட்டால் ஒவ்வோர் உருப்படியும் தனிப் பத்தியாகி, பட்டியல் தளர்ந்து விரிந்து தெரியும்.

சரிபார்க்கும்போது கடைசி வடிவத்தை முன்னோட்டத்தில் பார்த்து, மூலக் குறிப்போடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். திரையில் தனித்து நிற்கும் ஹேஷ், நட்சத்திரம், `•` ஏதேனும் உண்டா என்று முதலில் தேட வேண்டும். அவை நிற்கும் இடத்தில் ஏதோ ஒரு விதி தவறியிருக்கிறது. பிறகு தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழே படித்து, நிலை தாவாமல் இறங்குகிறதா என்று பார்க்கலாம். ஓசையில்லாமல் ஒளிந்துகொள்ளும் தவறு வரி இணைப்புதான். மூலத்தில் அடுத்தடுத்த வரிகளாக இருந்த முகவரி, கணக்கு போன்றவை மார்க்டவுனில் ஒரே பத்தியாக ஓடிவிடும். குறி எதுவும் எஞ்சி நிற்காததால் கண்ணில் படாது. அத்தகைய வரிகள் ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பின்சாய்வுக்கோடு அல்லது இரண்டு இடைவெளி வேண்டும். வரி முடிவில் உள்ள இடைவெளிகளைச் சில எழுதுகருவிகள் சேமிக்கும்போது தாமாகவே நீக்கிவிடுவதால், பின்சாய்வுக்கோட்டை நம்புவதே பாதுகாப்பு.