“உங்க பேரைப் போட்டுக்கலாமா, சார்?”

கோவையில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனிக்கு அவர்கள் ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறார்கள். கட்டிங்கில் இருந்து பேக்கிங் வரை, ஒவ்வொரு பண்டிலும் எங்கே நிற்கிறது என்று அது காட்டும். முன்பெல்லாம் ஓர் ஆர்டர் எந்த லைனில் தேங்கிக் கிடக்கிறது என்று தெரிந்துகொள்ள, மெர்ச்சண்டைசர் அரை நாள் ஃபோனும் கையுமாக அலைவார். இப்போது திரையைப் பார்த்தால் போதும். செக்கிங்கில் திரும்பி வரும் ஆல்டர் பீஸும் நூற்றுக்கு ஒன்பதில் இருந்து நான்காகக் குறைந்திருக்கிறது.

அடுத்த வாடிக்கையாளரிடம் காட்ட இதைவிட நல்ல சான்று கிடைக்காது. இதைக் கேஸ் ஸ்டடியாக எழுதி வெளியிட வேண்டும் என்று அந்த எட்டுப் பேருக்கும் ஆசை. ஃபேக்டரி மேனேஜரிடம் கேட்கிறார்கள். “தாராளமா போடுங்க தம்பி” என்கிறார் அவர். வெளியிட்ட மறு வாரமே முதலாளியிடம் இருந்து கோபமாக ஃபோன் வருகிறது.

மேனேஜர் பொய் சொல்லவில்லை. கம்பெனியின் பெயர் ஒரு பட்டியலில் வரும், அவ்வளவுதான் என்று நினைத்துச் சரி என்றார். கேட்டவர்கள் நினைத்தது வேறு. அனுமதி என்று ஒற்றைச் சொல்லில் கேட்டாலும் அதற்குள் பெயர், லோகோ, எண்கள், ஃபேக்டரிப் படங்கள், மென்பொருளின் திரைப்படங்கள், முதலாளி சொன்னதாக வரும் வாசகம் என்று பல அனுமதிகள் இருக்கின்றன. பெயருக்குச் சம்மதிப்பவர் எண்ணுக்குச் சம்மதிக்க மாட்டார். எண்ணுக்குச் சம்மதிப்பவர் பெயர் வேண்டாம் என்பார். தனித்தனியாகக் கேட்டால்தான் எதற்குச் சம்மதம் என்று இரு தரப்புக்கும் தெரியும்.

முதலாளியின் கோபம் அந்த ஒன்பதின் மேல்தான். மென்பொருள்காரருக்கு ஒன்பது நான்கானது சாதனை. ஏற்றுமதியாளரின் பையர் அதே வரியைப் படித்தால், போன வருடம் வரை தன் சரக்கில் நூற்றுக்கு ஒன்பது பீஸ் தைத்த பிறகு திருத்தப்பட்டது என்று புரிந்துகொள்வார். அடுத்த முறை விலை பேசும்போது அது மேஜைக்கு வரும். ‘பாதிக்கு மேல் குறைந்தது’ என்று விகிதமாக எழுதினாலும் பழைய குறை வெளியே தெரியத்தான் செய்யும். ஆகவே வாடிக்கையாளரின் குறையை அளக்கும் எண்ணை விட்டுவிட்டு, வேலையின் வேகத்தை அளக்கும் எண்ணைத் தேர்ந்தெடுப்பதே சரி. ‘ஓர் ஆர்டரின் நிலையை அறிய அரை நாள் ஆனது, இப்போது சில நிமிடங்கள்’ என்று எழுதினால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. மென்பொருளின் பயனும் அதில் நன்றாகவே தெரிகிறது.

படங்களில் கண்ணில் படாத ஆபத்து அதிகம். தையல் லைனை அழகாக எடுத்த படத்தின் ஓரத்தில் ஒரு பண்டில் சீட்டு தெரியும். அதில் பையர் பெயர், ஸ்டைல் நம்பர், ஸ்கேன் செய்யக்கூடிய பார்கோடு எல்லாம் இருக்கும். இன்னும் கடைக்கு வராத உடையின் டிசைன் மேஜையில் விரித்துக் கிடக்கும். மென்பொருளின் திரையைப் படமெடுத்தால் தொழிலாளர்களின் பெயரும் அவர்களுடைய பீஸ் கணக்கும் விழும். அது தனிமனிதர்களின் தகவல். முதலாளி சரி என்றாலும் அதை வெளியே போடக் கூடாது. மங்கலாக்கி மறைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓர் இடத்தை மறைக்க மறந்தாலே எல்லாம் வீண். பொய்ப் பெயர்களும் பொய் எண்களும் நிரப்பிய மாதிரித் திரையைத் தயாரித்துப் படமெடுப்பதே பாதுகாப்பு.

‘நாங்கள் எழுதிய மென்பொருள்தானே, எங்களுக்கு உரிமை இல்லையா?’ என்று கேட்கலாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக் கொடுக்காத வரை, வெளியில் இருந்து செய்து கொடுத்தவரே பொதுவாக முதல் உரிமையாளர். ஆனால் அந்த உரிமை நிரல் வரிகளோடு நின்றுவிடுகிறது. வேலை செய்யும்போது தெரிந்துகொண்ட ஃபேக்டரி விவரங்களுக்கு அது பொருந்தாது. அவற்றை ஒப்பந்தத்தில் உள்ள ரகசியக் காப்பு விதி கட்டிப்போட்டிருக்கும். சில ஒப்பந்தங்களில், இந்தக் கம்பெனிக்கு வேலை செய்கிறோம் என்று சொல்வதற்கே தடை இருக்கும். ஏற்றுமதியாளரும் தன் பையருக்கு இதேபோல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கலாம். அப்படியானால் முதலாளியே விரும்பினாலும் பையரின் பெயரை வெளியிடும் அனுமதியை அவரால் தர முடியாது. ‘ஒரு முன்னணி ஏற்றுமதியாளர்’ என்று பெயரை மறைத்து எழுதுவதும் எல்லா நேரமும் காப்பாற்றாது. ஊரையும் மெஷின் எண்ணிக்கையையும் ஏற்றுமதி செய்யும் நாட்டையும் சேர்த்து எழுதினால் திருப்பூர்க்காரர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

எப்போது கேட்பது? மென்பொருள் ஓடத் தொடங்கிய வாரத்தில் கேட்டால் சொல்வதற்குப் பலன் ஒன்றும் இருக்காது. கடைசித் தவணை பாக்கி இருக்கும்போது கேட்டால் அது பேரமாகிவிடும். பணம் தீர்ந்து, இரண்டு மூன்று மாதம் ஓடி, குறைகளைச் சரிசெய்து கொடுத்த பிறகு கேட்பதுதான் நல்லது. கேட்க வேண்டியது கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவரிடம். மேனேஜரிடம் முதலில் சொல்லி, அவர் மூலமாகவே முதலாளியிடம் போவது மரியாதையும்கூட.

வெறும் கேள்வியோடு போகாமல், எழுதி முடித்த வரைவை ஒரு பக்கத்துக்குள் அடக்கிக் கொண்டுபோக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எழுத்தைக் கையில் பார்க்கும்போதுதான் மனிதர்கள் சரியாக முடிவெடுக்கிறார்கள். கூடவே அனுப்பும் மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஃபேக்டரியில் நாங்கள் செய்த வேலை பற்றி எழுதிய ஒரு பக்க வரைவை இணைத்துள்ளேன். எங்கள் இணையதளத்திலும், புதிய வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் கையேட்டிலும் மட்டும் இதை வெளியிட விரும்புகிறோம். கம்பெனி பெயர், லோகோ, நேரம் பற்றிய எண், இரண்டு படங்கள், தாங்கள் சொன்னதாக வரும் வாசகம் ஆகிய ஐந்தில் எதெற்குச் சம்மதம், எதை நீக்க வேண்டும் என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். பையர் பெயரோ தொழிலாளர் விவரமோ இதில் இல்லை. வேண்டாம் என்றாலும் நம் வேலையில் எந்த மாற்றமும் இருக்காது. பின்னால் எடுத்துவிடச் சொன்னால், ஏழு நாட்களுக்குள் இணையதளத்தில் இருந்து நீக்கிவிடுவோம். அச்சிட்ட கையேட்டைத் திரும்பப் பெற முடியாது என்பதால், அதற்கான சம்மதத்தைத் தனியாகக் கேட்கிறோம்.”

‘பத்து நாளில் பதில் வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்வோம்’ என்று சிலர் சேர்க்கிறார்கள். அது தவறு. ஷிப்மென்ட் நெருக்கடியில் இருப்பவர் மின்னஞ்சலைப் பார்க்காமல் இருந்தது சம்மதம் ஆகாது. நேரில் பார்த்து “சரி, போட்டுக்கோங்க” என்று சொல்லிவிட்டாலும், அன்றைக்கே பேசியதை எழுதி அனுப்பி, பதிலில் ஒரு வரி வாங்கி வைக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து அவருடைய மகன் பொறுப்புக்கு வந்து “யாரைக் கேட்டுப் போட்டீங்க?” என்று கேட்டால், காட்ட அந்த ஒரு வரிதான் இருக்கும்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் காரணம் கேட்டு நச்சரிக்காதீர்கள். நன்றி சொல்லிவிட்டு ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: “புதிய வாடிக்கையாளர் யாராவது விசாரிக்க நினைத்தால், முன்கூட்டியே உங்களிடம் சொல்லிவிட்டு நம்பர் கொடுக்கலாமா, ஐயா?” எழுத்தில் பெயர் வரத் தயங்குகிற முதலாளிகள் பலர், ஃபோனில் இரண்டு வார்த்தை நல்லபடியாகச் சொல்லத் தயங்குவதில்லை.