‘100 வருஷப் பழைய சிலை சார்!’ - வெளிநாட்டு நண்பருக்கு ஐம்பொன் சிலை வாங்கும் முன் இதைப் படிச்சிடுங்க

ஓசூர் சிப்காட் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு இது பழகின விஷயம்தான். ஜெர்மனியிலிருந்தோ, ஜப்பானிலிருந்தோ ஒரு இன்ஜினீயர் மெஷின் பொருத்த வருவார். மூணு வாரம் கழிச்சு ஊருக்குக் கிளம்பும்போது, ``உங்க ஊர்ல இருந்து ஒரு நடராஜர் சிலை எடுத்துட்டுப் போகணும், எங்கே வாங்கலாம்?” என்று உங்களிடம்தான் கேட்பார். அமெரிக்காவில் செட்டிலான உங்க தம்பியும், லீவு முடிஞ்சு திரும்பும்போது இதையேதான் கேட்பார்.

சிலை வாங்குவது சுலபம். வாங்கியது அசல்தானா, அது விமான நிலையத்தைத் தாண்டுமா, 15 கிலோ கனத்தை எப்படி அனுப்புவது... இந்த மூணுலதான் பலரும் மாட்டிக்கிறாங்க. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘பழசு’ என்று சொன்னால் நடையைக் கட்டுங்க

சில கடைகளில் கறுத்து, பச்சை பூத்த ஒரு சிலையை உள்ளேயிருந்து எடுத்து வருவாங்க. ``நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு சார், ஒரு ஜமீன் வீட்டுல இருந்து வந்தது” என்பாங்க. வெளிநாட்டுக்காரர் முகம் மலர்ந்துவிடும். இங்கேதான் சிக்கலே ஆரம்பம்.

1972-ம் வருஷத்துத் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, 100 வருஷம் அல்லது அதற்கு மேல் பழைமையான சிலை ‘தொல்பொருள்’. அதைத் தனிநபர் யாரும் இந்தியாவுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. மீறினால் ஆறு மாதத்திலிருந்து மூணு வருஷம் வரை சிறை, கூடவே அபராதம். ஆக, கடைக்காரர் சொல்வது உண்மை என்றால், உங்க நண்பர் செய்யப்போவது குற்றம். பொய் என்றால், புதுச் சிலைக்குப் பழைய சிலையின் விலையைக் கொடுக்கிறார். ரெண்டுல எதுவா இருந்தாலும் நஷ்டம் அவருக்குத்தான்.

பெரும்பாலும் அது பொய்யாகத்தான் இருக்கும். ரசாயனம் பூசி, ஈர மண்ணில் கொஞ்ச நாள் புதைத்து வெச்சாலே பச்சையும் கறுப்பும் ஏறிடும். ‘ஆன்டிக் ஃபினிஷ்’ என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பதில் தப்பில்லை. ஆனா அந்த நிறம்தான் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியின் கண்ணை உறுத்தும். வெளிநாட்டுக்குப் போகிற சிலைக்கு, மஞ்சளாகப் பளபளக்கும் புது ஃபினிஷே நல்லது.

அதிகாரிகள் கெடுபிடி காட்டக் காரணம் இருக்கு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன சோழர் கால நடராஜரை, ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2014-ல்தான் அந்த நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பினார். திருட்டுச் சிலைகளைப் புதுக் கைவினைப் பொருள் என்று கணக்குக் காட்டி அனுப்புவது கடத்தல்காரர்களின் பழைய வழி. அதனால்தான் நிஜமாகவே புதுசாக வாங்கிய சிலைக்கும், ``புதுசுதான்னு எப்படி நம்புறது?” என்ற கேள்வி வருது.

சுவாமிமலை வார்ப்பா, அச்சு வார்ப்பா?

கும்பகோணம் பக்கத்திலுள்ள சுவாமிமலை வெண்கலச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. ஸ்தபதி முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் முழு உருவத்தையும் கையால் செய்வார். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றுவார். உள்ளே உண்டான வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார். ஆறியதும் மண் அச்சை உடைச்சாதான் சிலை வெளியே வரும். ஒரு அச்சுக்கு ஒரே சிலை. பிறகு உளியும் அரமும் வெச்சு நகைகள், விரல்கள், கடைசியாகக் கண் என்று செதுக்கி முடிப்பார்.

சந்தையில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலானவை மணல் அச்சில் வார்த்த பித்தளைச் சிலைகள். வித்தியாசம் கண்டுபிடிக்க முதலில் பக்கவாட்டைப் பாருங்க. ரெண்டு பாதி அச்சு சேர்ந்த கோடு, தோளிலிருந்து பீடம் வரை மெல்லிசாகத் தெரியலாம். அடுத்து முதுகையும், நகைகளின் இடுக்குகளையும் பாருங்க. மணல் வார்ப்பில் இடுக்குகள் சொரசொரப்பாக, வேலைப்பாடு மழுங்கி இருக்கும். கைவேலையில் உளி போன தடம் கூர்மையாகத் தெரியும்.

ஆனா, கோடு இல்லை என்பதாலேயே கைவேலை என்று முடிவு கட்டாதீங்க. ரப்பர் அச்சில் மெழுகை ஊற்றி எடுத்து, அந்தக் கோட்டை வழித்துவிட்டு வார்ப்பவர்களும் உண்டு. இதைப் பிடிக்க ஒரே வழி, அதே அளவில் இன்னொரு சிலையை எடுத்து வரச் சொல்லி ரெண்டையும் பக்கத்தில் வெச்சுப் பார்ப்பதுதான். விரல் வளைவு, சடையின் இழைகள், மாலையின் மணிகள் எல்லாம் அச்சு அசலாக ஒண்ணா இருந்தா, அது கையால் செய்த மெழுகு இல்லை.

உலோகத்தைச் சோதிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கு. சின்னச் சிலையை எடை போடுங்க. பிறகு, விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் முழுசாக அமுக்கி, வழிந்த தண்ணீரை அளங்க. 2,600 கிராம் சிலைக்கு 300 மில்லி வழிந்தால், அடர்த்தி 8.7 சொச்சம். இது செம்பு கலந்த உலோகம், உள்ளே கனமாக வார்த்தது. 390 மில்லி வழிந்தால் அடர்த்தி 6.7-தான். மேலே நிறம் பூசிய துத்தநாகக் கலவையாக இருக்கலாம், அல்லது உள்ளே கூடாக இருந்து அடியை அடைத்திருக்கலாம். பித்தளையும் வெண்கலமும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி என்பதால், அந்த ரெண்டையும் இந்தச் சோதனை பிரிச்சுக் காட்டாது.

‘ஐம்பொன்’ என்ற பெயரில் ஏமாறாமல் இருப்பதும் முக்கியம். இன்றைய சுவாமிமலை சிலையில் பெரும்பகுதி செம்பு, கூடவே பித்தளையும் கொஞ்சம் ஈயமும். தங்கம், வெள்ளி சேர்த்தாலும் அது துளியளவுதான். அதனால் ‘தங்கம் கலந்தது’ என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீங்க. நகைக்கடையில் தங்கத்தைச் சோதிக்கும் காரட் மெஷினிலும் காட்டலாம். ஆனா அது மேற்பரப்பைத்தான் படிக்கும். பீடத்தின் அடியில் அரம் போட்ட இடத்தைக் காட்டினால்தான் சரியான கணக்கு வரும்.

இவ்வளவு சோதிக்க நேரமில்லை என்றால், தமிழக அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்தில் வாங்குங்க. முறையான பில்லும் கையில் வந்துடும்.

கோரமங்களாவில் ஒரு ஸ்டாப்

சிலை புதுசுதான் என்று சொல்ல அதிகாரம் உள்ள இடம், இந்தியத் தொல்லியல் துறை. அவங்க தருவது ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ். கைக்கு அடக்கமான, பளபளப்பான புதுச் சிலைக்குப் பில் மட்டுமே போதுமானதாக இருக்கலாம். கொஞ்சம் பெரிசு, கறுத்த ஃபினிஷ், கோயில் பாணி என்றால் சான்றிதழ் இல்லாமல் கிளம்பாதீங்க. சந்தேகம் வந்தால் சுங்க அதிகாரி கேட்பது இதைத்தான். அந்த நேரத்தில் சிலையை நிறுத்தி வெச்சுட்டா, ஃபிளைட்டைப் பிடிப்பதா, சிலையைப் பார்ப்பதா என்று நண்பர் திண்டாடிப்போவார்.

ஓசூர்க்காரர்களுக்கு இதுக்காக சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டை வரை போக வேண்டியதில்லை. தொல்லியல் துறையின் பெங்களூரு வட்ட அலுவலகம் கோரமங்களா கேந்திரிய சதனில் இருக்கு. ஓசூர் ரோட்டிலேயே போய்ச் சேர்ந்திடலாம். எந்த நாளில் பரிசோதனை என்று போனில் கேட்டுட்டு, பில், பாஸ்போர்ட் நகல், சிலையின் முன்புறம், பின்புறப் படங்களோடு சிலையையும் எடுத்துட்டுப் போங்க. பயணத்துக்கு முந்தின நாள் ஓடாமல், குறைஞ்சது ஒரு வாரம் முன்னாடியே முடிச்சிடுங்க. ஏற்றுமதி பழக்கமுள்ள கடைகள் தாங்களே வாங்கித் தருவதும் உண்டு. வாங்கும்போதே கேட்டுப் பாருங்க.

14 கிலோ நடராஜர் எப்படிப் பறப்பார்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிலை 14 கிலோ. பெட்டி, ஃபோம், பிளைவுட் எல்லாம் சேர்த்து 20 கிலோ. பெட்டியின் அளவு 60 × 50 × 35 செ.மீ.

முதல் வழி, செக்-இன் பேக்கேஜ். பல விமான நிறுவனங்கள் ஒரு பெட்டிக்கு 23 கிலோ அனுமதிக்கின்றன. இந்தப் பெட்டி அதற்குள் அடங்கிடும். கூடுதல் பெட்டிக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தாலும், பெரும்பாலும் கூரியரைவிடச் செலவு குறைவுதான். கேபினுக்குள் எடுத்துப்போக நினைக்காதீங்க. கனமான, கூர்முனையுள்ள உலோகம் என்று பாதுகாப்புச் சோதனையில் தடுத்திடலாம்.

ரெண்டாவது, கூரியர். இங்கே எடை மட்டும் கணக்கில்லை, பெட்டியின் பருமனும் கணக்கு. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுப்பாங்க. நம்ம பெட்டிக்கு 1,05,000-ஐ வகுத்தால் 21. அதனால் 20 கிலோ பெட்டிக்கு 21 கிலோவுக்குக் காசு. பாதுகாப்புன்னு பெட்டியை ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. பெருசாக்கினால், அதாவது 80 × 70 × 55 ஆனால், கணக்கு 61.6 கிலோவுக்குப் போயிடும்!

மூணாவது, கப்பல். கன்டெய்னரில் பகிர்ந்து அனுப்பும்போது பொதுவாகக் குறைந்தபட்சம் ஒரு கன மீட்டருக்குக் கட்டணம் போடுவாங்க. நம்ம பெட்டி அதில் பத்தில் ஒரு பங்குதான். கூடவே இறங்கும் துறைமுகத்திலும் தனிச் செலவு வரும். ஒரே ஒரு சிலைக்குக் கப்பல் கட்டுப்படியாகாது. மூணடி நடராஜரோ, கல்சிலையோ என்றால்தான் இது சரி.

பேக்கிங்கில் ஒரு விஷயம். நடராஜரின் திருவாசி பல சிலைகளில் தனியாகக் கழன்று வரும். அதைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்க. பீடத்தைப் பிளைவுட் பலகையில் அசையாமல் கட்டுங்க. தூக்கிய காலும் நீட்டிய கையும்தான் முதலில் வளையும் இடங்கள், அங்கே எடை விழக் கூடாது. மரப்பெட்டி என்றால், 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றிய மரம் என்பதற்கான IPPC முத்திரை வேணும். இல்லைன்னா பல நாடுகளின் துறைமுகங்களில் திருப்பி அனுப்பிடுவாங்க. பிளைவுட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஸ்கேனரில் கனமான உலோகம் கறுப்பாகத்தான் தெரியும். அதனால் பெட்டியைத் திறந்து பார்க்க வாய்ப்பு அதிகம். திறந்து மூட வசதியாகக் கட்டுங்க. பில்லும் சான்றிதழும் கையில் இருக்கட்டும், நகலைப் பெட்டிக்குள் போடுங்க.

கடைசியா, பில்லில் உண்மையான விலையைப் போடச் சொல்லுங்க. ‘வரி குறையும், கம்மியா போட்டுத் தர்றேன்’ என்பார் கடைக்காரர். ஐரோப்பாவுக்கு விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பொருளுக்கு 430 யூரோ வரையும், ஜப்பானுக்கு 2 லட்சம் யென் வரையும் வரி விலக்கு உண்டு. அதைத் தாண்டினால் அங்கே சொல்லி வரி கட்டிடலாம். விலையைக் குறைச்சுக் காட்டிட்டு வழியில் சிலையின் கை உடைஞ்சா, இன்ஷூரன்ஸில் கிடைப்பதும் அந்தக் குறைச்ச தொகைதான்!