ரஷ்ய ரயில் டிக்கெட்டில் இருப்பது எந்த ஊர் மணி?

ரஷ்யாவில் 11 நேர மண்டலங்கள் இருக்கின்றன. மாஸ்கோவின் யாரோஸ்லாவ்ஸ்கி நிலையத்திலிருந்து விளாதிவஸ்தோக் வரை 9,288 கிலோமீட்டர் நீளும் சைபீரியப் பாதையில் முழுதும் போகிறவர், கடிகாரத்தை மொத்தம் ஏழு மணி நேரம் முன்னே தள்ளவேண்டும். ஆனால் 2018 ஜூலை முடியும்வரை, அந்த நாட்டு ரயில்வேக்கு ஒரே மணிதான் இருந்தது. டிக்கெட், கால அட்டவணை, நிலையக் கடிகாரம் மூன்றும் மாஸ்கோ நேரத்தையே காட்டின. விளாதிவஸ்தோக்கில் காலை ஏழு மணிக்கு வெயில் அடித்துக்கொண்டிருக்க, நிலையத்துக் கடிகாரத்தில் நள்ளிரவு பன்னிரண்டு ஆகியிருக்கும். 2018 ஆகஸ்ட் 1 முதல் இது மாறியது. இப்போது வண்டி புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் மணிப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் மணிப்படியும் அச்சாகிறது.

பழைய முறைக்குப் பழகியவர்கள் எழுதிய வழிகாட்டிகளும் பயணக் குறிப்புகளும் இன்னும் புழக்கத்தில் உள்ளன. ‘டிக்கெட்டில் இருப்பது மாஸ்கோ நேரம்’ என்ற அறிவுரை அவற்றில் தவறாமல் இருக்கும். பழைய டிக்கெட்டின் அடியில், புறப்பாடும் வருகையும் மாஸ்கோ நேரப்படி என்று பொருள்படும் ВРЕМЯ ОТПР И ПРИБ МОСКОВСКОЕ என்ற வரி இருந்தது. புதிய டிக்கெட்டில் மணிக்குப் பக்கத்தில் МСК+4 என்பதுபோல ஒரு குறி வருகிறது. МСК என்பது மாஸ்கோவின் சுருக்கம். அந்த ஊர், மாஸ்கோவைவிட நான்கு மணி நேரம் முன்னே இருக்கிறது என்று அர்த்தம். அச்சான நேரத்தோடு நான்கைக் கூட்டச் சொல்லும் கட்டளை அல்ல அது. அந்தக் கூட்டல் ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டது.

யெகாத்தரின்பர்கிலிருந்து நோவோசிபிர்ஸ்க் போய், அங்கே வண்டி மாறி, பைக்கால் ஏரிக்கு அருகிலுள்ள இர்கூத்ஸ்க் போவதாக வைத்துக்கொள்ளலாம். ஊர்களும் நேர மண்டலங்களும் உண்மையானவை. வண்டி எண்ணும் மணிகளும் விளக்கத்துக்காக அமைத்தவை. முதல் டிக்கெட்டின் முக்கியமான வரிகள் இப்படி இருக்கும்:

```
070Ч  12.06  22:10 (МСК+2)  04 К
ЕКАТЕРИНБ П - НОВОСИБ ГЛ
МЕСТА 017
ПРИБЫТИЕ 13.06 В 21:40 (МСК+4)
```

முதலில் வருவது வண்டி எண். அடுத்தது தேதி, நாள் முதலிலும் மாதம் பின்னாலும். பிறகு புறப்படும் மணி. 04 என்பது பெட்டி எண். அதையொட்டிய К என்ற எழுத்து பெட்டியின் வகை: நான்கு பேருக்கு ஓர் அறையும் கதவும் உள்ள கூபே. அங்கே П என்று இருந்தால் அது பிளாட்ஸ்கார்ட், அதாவது கதவில்லாத திறந்த படுக்கைப் பெட்டி. МЕСТА என்பது படுக்கை எண்ணையும், ПРИБЫТИЕ என்பது வருகையையும் குறிக்கும்.

படுக்கை எண்ணில் நம் ஊர்க் கணக்கு உதவாது. இந்திய ஸ்லீப்பர் பெட்டியில் 1, 4 கீழ்ப் படுக்கை; 3, 6 மேல் படுக்கை. ரஷ்யாவில் ஒற்றைப்படை எண் எல்லாம் கீழ், இரட்டைப்படை எண் எல்லாம் மேல். ஆகவே 17 கீழ்ப் படுக்கை. கூபே பெட்டியில் 36 படுக்கைகளோடு எண்கள் முடிந்துவிடும். பிளாட்ஸ்கார்டில் 54 வரை போகும். 37 முதல் 54 வரை நடைவழியோரப் பக்கவாட்டுப் படுக்கைகள்.

சொற்களைவிடச் சுருக்கங்களே அதிகம் ஏமாற்றுகின்றன, அகராதியில் அவை கிடைப்பதில்லை. பெட்டி எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் பிளாட்ஸ்கார்டைக் குறிக்கும் அதே П, ஊர்ப்பெயருக்குப் பின்னால் வந்தால் ‘பயணிகள் நிலையம்’ என்பதன் முதலெழுத்து. НОВОСИБ ГЛ என்பதில் உள்ள ГЛ, நோவோசிபிர்ஸ்கின் பிரதான நிலையத்தைக் காட்டுகிறது. அந்த நகரில் வேறு நிலையங்களும் உண்டு என்பதால் இந்த இரண்டு எழுத்தை விட்டுவிட்டு மொழிபெயர்க்கக் கூடாது. மாஸ்கோவில் இது இன்னும் முக்கியம். МОСКВА ЯР என்றால் யாரோஸ்லாவ்ஸ்கி நிலையம், МОСКВА КАЗ என்றால் கஸான்ஸ்கி நிலையம். லெனின்கிராத்ஸ்கி நிலையமோ, அதை நடத்தும் அக்டோபர் ரயில்வேயின் பெயரால் МОСКВА ОКТ என்று அச்சாகும். நகர வரைபடத்தில் அப்படியொரு நிலையத்தைத் தேடினால் கிடைக்காது. நல்ல வேளையாக இந்த மூன்று நிலையங்களும் ஒரே சதுக்கத்தைச் சுற்றியே இருக்கின்றன.

அடுத்தது பயண நேரம். டிக்கெட்டின்படி 12ஆம் தேதி இரவு 22:10க்கு ஏறி, 13ஆம் தேதி இரவு 21:40க்கு இறங்க வேண்டும். நேராகக் கழித்தால் 23 மணி 30 நிமிடம் வரும். அது தவறு, ஏனென்றால் இரண்டு மணிகளும் வெவ்வேறு கடிகாரத்தைச் சேர்ந்தவை. இரண்டையும் முதலில் மாஸ்கோ நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். யெகாத்தரின்பர்கில் 22:10 என்றால் மாஸ்கோவில் 20:10. நோவோசிபிர்ஸ்கில் 21:40 என்றால் மாஸ்கோவில் 17:40. உண்மையான பயணம் 21 மணி 30 நிமிடம்தான். கிழக்கே போகும்போது டிக்கெட்டில் பயணம் நீண்டதுபோலவும், மேற்கே திரும்பும்போது சுருங்கியதுபோலவும் தெரியும்.

இணைப்பு வண்டிக்கான டிக்கெட்டில் 14.06 00:50 (МСК+4), வருகை 15.06 09:10 (МСК+5) என்று இருக்கிறது. வண்டி மாறும் இடைவெளியைக் கணக்கிட மாஸ்கோ நேரம் தேவையே இல்லை. இறங்கும் மணியும் ஏறும் மணியும் ஒரே ஊரின் மணி என்பதால் நேராகக் கழித்துவிடலாம். 21:40க்கும் 00:50க்கும் இடையில் 3 மணி 10 நிமிடம். இர்கூத்ஸ்க் வரையிலான பயணத்துக்கு மட்டும் மறுபடி மாற்றவேண்டும்: மாஸ்கோ கணக்கில் 13ஆம் தேதி 20:50 முதல் 15ஆம் தேதி 04:10 வரை, 31 மணி 20 நிமிடம்.

பழைய வழிகாட்டியை நம்பியவர் இந்த டிக்கெட்டை எப்படிப் படிப்பார் என்பதையும் பார்க்கவேண்டும். 00:50ஐ மாஸ்கோ நேரமென்று எண்ணி நான்கைக் கூட்டுவார். விடியற்காலை 4:50க்குத்தான் வண்டி என்று அறை எடுத்துத் தூங்கப் போவார். விழித்து நிலையத்துக்கு வரும்போது வண்டி போய் நான்கு மணி நேரம் ஆகியிருக்கும். தாம் தவறாகப் படிக்கிறோமா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: டிக்கெட் மணியை நிலையத்தின் அறிவிப்புப் பலகையோடு ஒப்பிடவேண்டும். ஒரே வண்டி எண்ணுக்கு எதிரே இரண்டிலும் ஒரே மணி இருந்தால், கூட்டவும் கழிக்கவும் எதுவுமில்லை.

தேதியிலும் ஒரு கண்ணி உண்டு. 14ஆம் தேதி 00:50 என்பது நம் பேச்சுவழக்கில் 13ஆம் தேதி ராத்திரி. சூரிய உதயத்தில் நாளைத் தொடங்கும் பஞ்சாங்கத்துக்கும் அது 13தான். ரயில்வேக்கோ நள்ளிரவு தாண்டிய நொடியே 14. ‘14ஆம் தேதி இரவு வண்டி’ என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டவர் ஒரு முழு நாள் தாமதமாகத்தான் போய் நிற்பார். 13 இரவு, 14 அதிகாலை என்று இரண்டு தேதியையும் சேர்த்து எழுதிக்கொள்வது நல்லது.

கைபேசி நாட்காட்டி இன்னொரு வகையில் கெடுக்கும். சென்னையில் உட்கார்ந்து, நேர மண்டலம் குறிக்காமல் 00:50 என்று பதிந்தால், கைபேசி அதை இந்திய நேரமாகவே எடுத்துக்கொள்ளும். நோவோசிபிர்ஸ்க் இந்தியாவைவிட ஒன்றரை மணி நேரம் முன்னே இருக்கிறது. அங்கே போனதும் கைபேசி தன் கடிகாரத்தை மாற்றிக்கொண்டு, நினைவூட்டலை 02:20 என்று காட்டும். வண்டி அதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கும். பதியும்போதே அந்தந்த ஊரின் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் வராது. புறப்பாட்டுக்கு யெகாத்தரின்பர்க், வருகைக்கு நோவோசிபிர்ஸ்க் என்று இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கவேண்டும்.

வண்டி மாற எவ்வளவு இடைவெளி போதும் என்பதற்குப் பொதுவான எண் எதுவும் கிடையாது. அடுத்த வண்டி எப்போது என்பதைப் பொறுத்தே அதை முடிவு செய்யவேண்டும். தவறவிட்டால் இரண்டு மணி நேரத்தில் வேறு வண்டி உண்டென்றால் ஒரு மணி நேர இடைவெளியை ஏற்கலாம். மறுநாள்தான் வண்டி என்றால், மூன்று மணி நேரம் அதிகமில்லை. தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளை ரயில்வே ஒரே பயணமாகப் பார்க்கும் என்று நம்பி இணைப்பைத் திட்டமிடக் கூடாது. இடைவெளியில் கொஞ்சம் நேரம் நிலையத்துக்குள்ளேயே செலவாகும். அறிவிப்புப் பலகையில் ПЛАТФОРМА என்பது நடைமேடை எண், ПУТЬ என்பது தண்டவாள எண். ஒரே நடைமேடையின் இரு பக்கமும் வெவ்வேறு தண்டவாளங்கள் இருப்பதால் இரண்டையும் பார்க்கவேண்டும். பெட்டி எண்கள் வண்டியின் முன்னாலிருந்து தொடங்குகின்றனவா, பின்னாலிருந்தா என்பதை வண்டி வரும்போது ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அது புரியாதவர் நடைமேடையின் நடுவில் நின்றால் எந்தப் பக்கமானாலும் பாதி வண்டி தூரம்தான் நடக்கவேண்டியிருக்கும்.

கடைசியாக, டிக்கெட்டில் இல்லாத ஒன்றை வழித்தடப் பட்டியலில் தேடவேண்டும். யெகாத்தரின்பர்கிலிருந்து த்யுமேன், இஷிம் வழியாக ஓம்ஸ்க் போகும் பாதை முழுக்க ரஷ்யாவுக்குள்ளேயே இருக்கிறது. செல்யாபின்ஸ்க், குர்கான் வழியாக வரும் பழைய பாதை, ஓம்ஸ்குக்கு முன்னால் பெத்ரோபாவ்லை, அதாவது Петропавловск நிலையத்தைத் தொடுகிறது. அது கஸாக்ஸ்தான். பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் பயணி ரஷ்யாவை விட்டு வெளியேறி மீண்டும் நுழைகிறார் என்று பொருள். ஒருமுறை நுழைவதற்கான ரஷ்ய விசா எல்லையில் அதோடு தீர்ந்துபோகும். அந்த நிலையத்தின் மணியையும் பழைய பட்டியல்களிலிருந்து எடுக்கக் கூடாது. 2024 மார்ச் 1 அன்று கஸாக்ஸ்தான் நாடு முழுவதையும் ஒரே நேர மண்டலத்துக்குள் கொண்டுவந்ததில் பெத்ரோபாவ்லின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போனது. முன்பு ஓம்ஸ்கோடு ஒத்திருந்த அதன் மணி, இப்போது மாஸ்கோவைவிட இரண்டு மணி நேரம்தான் முன்னே. அங்கிருந்து கிழக்கே ஓம்ஸ்க் போகிறவர் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.