மூன்று நிமிடத்தில் ஓர் ஆண்டு விழா

நிறுவனத்தின் ஆண்டு விழா முடிந்த மறுவாரம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வரும். குத்துவிளக்கு, பொன்னாடை, நடனம், விருந்து என்று நடந்த வரிசையிலேயே காட்சிகள் ஓடும். பின்னணியில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இசை. தன் முகம் வந்ததா என்று பார்த்துவிட்டுப் பலர் மூடிவிடுவார்கள். படப்பிடிப்பு நன்றாகவே இருக்கும். ஆனால் அதில் யாரும் எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள். இத்தகைய வீடியோவுக்கு முதுகெலும்பு பேட்டிகள்தான். முதலில் குரல்களை வரிசைப்படுத்தி, அதன்மேல் காட்சிகளை அடுக்க வேண்டும்.

கோவைப் பக்கம் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். 300 பேர் வேலை செய்கிறார்கள், வீடியோ 3 நிமிடம். பேட்டிக்கு 6 பேர் போதும்: 25 ஆண்டுப் பணிக்காக விருது வாங்கும் லேத் தொழிலாளி, அவருடைய மனைவி, இந்த ஆண்டுதான் சேர்ந்த ஓர் இளம்பெண், கேன்டீன் ஊழியர், நடனக் குழுவில் ஒருவர், நிர்வாக இயக்குநர்.

விழா தொடங்கும் முன்பே இவர்களைப் பேசவைத்துவிட வேண்டும். ஸ்பீக்கர் அலற ஆரம்பித்த பிறகு பதிவு செய்த பேட்டியை மீட்பது கடினம். குரலுக்குப் பின்னால் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தால், பேச்சை வெட்டும் இடத்தில் எல்லாம் அந்தப் பாட்டும் துண்டாகித் தாவும். அதன்மேல் நாம் சேர்க்கும் இசை மோதும். அதனால் அரங்கிலிருந்து தள்ளி, ஜெனரேட்டர் சத்தம் எட்டாத ஓர் அறை வேண்டும். காலர் மைக்கைத் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே குத்தி, ஹெட்போனில் கேட்டுப் பார்த்த பிறகே பதிவைத் தொடங்க வேண்டும்.

கேள்வியில்தான் பாதி வேலை இருக்கிறது. “விழா எப்படி இருக்கு?” என்றால் “ரொம்ப நல்லா இருக்குங்க” என்பதற்கு மேல் பதில் வராது. “அண்ணே, முதல் நாள் இந்த கேட்டுக்கு உங்களை யாரு கூட்டிட்டு வந்தாங்க?” என்று கேட்டால், “முதல் நாள் எங்க மாமாதான் சைக்கிள்ல கொண்டாந்து விட்டாருங்க, வாட்ச்மேன் உள்ளயே விடல” என்று ஒரு காட்சியே கிடைக்கும். கேட்பவரின் குரல் கடைசியில் நீக்கப்படும் என்பதால், பதில் தனியாக நின்றாலும் புரிகிறதா என்று அங்கேயே கவனிக்க வேண்டும்.

ஆளுக்கு 5 நிமிடம் பேசினால் மொத்தம் 30 நிமிடம். அதைத் தாளில் எழுதிப் பார்த்து, ஏழெட்டு விநாடித் துண்டுகளாக ஏறக்குறைய ஒரு நிமிடம் மட்டும் எடுக்கலாம். இந்தத் தாள்தான் வீடியோவின் வரைவு.

முதல் 15 விநாடி: பூ கட்டும் கைகள், வண்ண விளக்கைச் சரிபார்ப்பவர், காலி நாற்காலிகள். இவற்றின்மேல் லேத் தொழிலாளியின் சைக்கிள் கதை ஒலிக்கிறது. “வாட்ச்மேன்” என்ற சொல் வரும்போது அவர் முகம் தெரிகிறது. அடுத்த 45 விநாடியில் வரவேற்பு, குத்துவிளக்கு, புதிதாகச் சேர்ந்த பெண்ணின் வியப்பு, இயக்குநர் உரையிலிருந்து ஒரே ஒரு வாக்கியம். மேடைப் பேச்சை கேமராவின் மைக்கில் எடுத்தால் அரங்கின் எதிரொலியும் சேர்ந்துவிடும். ஒலிப்பெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து நேரடி இணைப்பு கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

ஒரு நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை விருதுகள். இங்கே வேகம் கூடாது. கேடயம் கை மாறும் ஷாட்டைவிட, கீழே அமர்ந்திருக்கும் மனைவியின் முகம் முக்கியம். இரண்டாவது கேமராவை அந்த நாற்காலிப் பக்கம் முன்கூட்டியே நிறுத்தாவிட்டால் அந்தப் பார்வை பிறகு கிடைக்காது. அவர் பேட்டியில் சொன்ன வரி அதன்மேல் ஒலிக்க, இசை முழுவதும் அடங்கட்டும்.

பிறகு 45 விநாடி மாண்டேஜ். நிமிடத்துக்கு 120 தட்டு கொண்ட இசை என்றால் ஒரு தட்டு அரை விநாடி. முதலில் நான்கு தட்டுக்கு ஒரு வெட்டு, அதாவது 2 விநாடி. போகப் போக இரண்டு தட்டுக்கு ஒன்று. முப்பதுக்கும் மேற்பட்ட ஷாட்கள் தேவைப்படும். எல்லாமே மேடையைத் தூரத்திலிருந்து எடுத்தவையாக இருந்தால் வெட்டுவதே தெரியாது. சலங்கைக் கால் பக்கத்தில், கூட்டம் தூரத்தில், பரிசுச் சீட்டைப் பிரிக்கும் விரல்கள் மீண்டும் பக்கத்தில் என்று அளவு மாற வேண்டும். நடுவில் ஒரு விநாடி இசையை நிறுத்தி, அரங்கின் விசில் சத்தத்தை மட்டும் விடலாம். சினிமாப் பாட்டைப் போட்டால் யூடியூபில் உரிமைப் புகார் வரும் வாய்ப்பு அதிகம். உரிமம் வாங்கிய இசையே பாதுகாப்பு.

கடைசி 15 விநாடிக்கு கேன்டீன் ஊழியரின் குரல், நிறுவனத்தின் பெயர்.

தொகுத்து முடித்ததும் திரையை மூடிவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒலி மட்டுமே கதையைச் சொல்லாவிட்டால் பேட்டித் துண்டுகளை மாற்ற வேண்டும், காட்சிகளை அல்ல. “எங்க டிபார்ட்மென்ட் வரவே இல்லையே” என்ற குறை நிச்சயம் வரும். அதற்காக மாண்டேஜில் குழுப் படங்களைத் திணித்தால் தாளம் உடையும். எல்லோர் முகமும் உள்ள நீண்ட பதிவு ஒன்றைக் குடும்பங்களுக்காகத் தனியே தொகுத்துக் கொடுத்துவிடலாம்.