சொந்த ஊருக்கு டிரான்ஸ்ஃபரா... ஒரு நிமிஷம் பாஸ்!

கேம்பஸ் இன்டர்வியூ, ஆஃபர் லெட்டர், முதல் சம்பளத்துல அம்மாவுக்குப் புடவை... இதைப் பத்தியெல்லாம் ஹாஸ்டல் மொட்டை மாடியில மணிக்கணக்கா பேசியிருப்பீங்க. ஆனா வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது, மூணாவது வருஷம் ஒரே ஒரு பக்கத்துல வருமே ஒரு கடிதம், அதைப் பத்தி யாராவது பேசியிருக்கோமா? அதுதான் டிரான்ஸ்ஃபர் ஆர்டர்!

அந்த ஒரு பக்கத்துல மூணு விஷயம் இருக்கும். எதுக்காக மாத்துறாங்க, எப்போ போய்ச் சேரணும், போறதுக்கு என்ன பணம் தருவாங்க. பெரும்பாலானவங்க முதல் வரியை வேகமா தாண்டிட்டு கடைசி வரிக்குப் போயிடுவாங்க. அங்கேதான் கோட்டை விடுறோம். முதல் வரியில இருக்கிற காரணம்தான் மத்த ரெண்டையுமே முடிவு பண்ணுது. எப்படின்னு பார்க்கலாமா?

ஒரு கற்பனை. நீங்க மதுரைக்காரர். டிகிரி முடிச்சு, பரீட்சை எழுதி, சென்னையில ஒரு மத்திய அரசு அலுவலகத்துல சேர்ந்துட்டீங்க. லெவல் 6 பதவி. ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய், ரெண்டு இன்கிரிமென்ட் ஆகி இப்போ 37,600. ஒரு நாள் டீக்கடையில சீனியர் காதைக் கடிக்கிறார். ''மதுரை ஆபீஸ்ல ஒரு போஸ்ட் காலி. இங்கேர்ந்து யாரையாவது அனுப்பப் போறாங்களாம். நீ உடனே ஒரு ரிக்வெஸ்ட் எழுதிக் குடுத்துடு தம்பி, சொந்த ஊருக்குப் போயிடலாம்!''

உங்களுக்குக் கால் தரையில நிக்கலை. அன்னிக்கு ராத்திரியே பேப்பரும் பேனாவுமா உட்கார்றீங்க. அந்தப் பேனாவைக் கொஞ்சம் கீழே வைங்க!

ஒரு வரியின் விலை

ஆர்டர் ரெண்டு விதமா வரலாம். ஒண்ணு, 'பொதுநலன் கருதி, நிர்வாகக் காரணங்களுக்காக மதுரை அலுவலகத்துக்கு மாற்றப்படுகிறார்'. இன்னொண்ணு, 'அவரது சொந்தக் கோரிக்கையின் பேரில் மதுரை அலுவலகத்துக்கு மாற்றப்படுகிறார்'. ஊர் ஒண்ணுதான், நாற்காலியும் ஒண்ணுதான். வித்தியாசம் பணத்துலயும் நாள்லயும் இருக்கு.

முதல்ல பணம். ஏழாவது சம்பளக் குழுவுக்குப் பிறகு 2017-ல் வந்த உத்தரவுப்படி, 20 கிலோ மீட்டருக்கு மேல தள்ளியிருக்கிற ஊருக்கு மாத்தினா, கடைசி மாத அடிப்படைச் சம்பளத்துல 80 சதவிகிதத்தை மொத்தமா ஒரு தொகையாத் தருவாங்க. மூட்டை கட்டுறது, பழைய வீட்டைக் காலி பண்றது, புது வீட்டுல கேஸ் கனெக்‌ஷன் வாங்குறதுன்னு சில்லறைச் செலவுகளுக்கான பணம் இது. உங்க கணக்குல 37,600-க்கு 80 சதவிகிதம், அதாவது 30,080 ரூபாய். இதுக்கு பில் காட்ட வேண்டியதில்லை.

இதுபோக, உங்களுக்கும் குடும்பத்துக்கும் பயணக் கட்டணம் தனி. வீட்டுச் சாமான் ஏத்திட்டுப் போற செலவும் தனி. லெவல் 6-க்கு 6,000 கிலோ வரைக்கும் அனுமதி உண்டு. ஒரு பீரோ, ஒரு கட்டில், ஒரு டூ-வீலர் வெச்சிருக்கிற உங்களுக்கு அது எட்டாத எடை! லாரியில ஏத்தினா கிலோ மீட்டருக்கு இவ்வளவுன்னு ஒரு உச்சவரம்பு உண்டு. அதுக்குள்ள நீங்க நிஜமா குடுத்த வாடகைதான் கிடைக்கும், அதுவும் ரசீது இருந்தா.

இப்போ ரெண்டாவது ஆர்டருக்கு வாங்க. 'சொந்தக் கோரிக்கையின் பேரில்'னு இருந்தா, பொதுவா இந்த எதுவுமே கிடையாது. 30,080 ரூபாய் இல்லை, டிக்கெட் பணம் இல்லை, லாரி வாடகை இல்லை. எல்லாம் உங்க பாக்கெட்லேர்ந்துதான். ஏன்னா, அரசாங்கத்தோட லாஜிக் ரொம்ப சிம்பிள். 'என் தேவைக்கு உன்னை அனுப்பினா நான் செலவு பண்றேன். உன் தேவைக்கு நீ போனா நீ பண்ணிக்கோ.'

பத்து நாள் கணக்கு

அடுத்தது, சேர வேண்டிய தேதி. 1979-ல் வந்த 'ஜாயினிங் டைம்' விதிகள்னு ஒண்ணு இருக்கு. பொதுநலன் கருதி வேற ஊருக்கு மாத்தினா, வீடு மாத்துறதுக்கும் பயணத்துக்கும் சம்பளத்தோட நாள் குடுப்பாங்க. 1,000 கிலோ மீட்டர் வரைக்கும் 10 நாள், 2,000 வரைக்கும் 12 நாள், அதுக்கும் மேல 15 நாள். சென்னை டு மதுரை 1,000-க்குள்ளதான். ஸோ, உங்களுக்கு 10 நாள்.

இந்தப் பத்து நாளை எங்கேர்ந்து எண்ணுறது? இங்கேதான் பல பேர் தப்புக் கணக்கு போடுறாங்க. ஆர்டர்ல இருக்கிற தேதியிலேர்ந்து இல்லை, பழைய ஆபீஸ்ல பொறுப்பை ஒப்படைச்ச நேரத்துலேர்ந்து. காலையில ஒப்படைச்சா அன்னிக்கே முதல் நாள். மதியத்துக்கு மேல ஒப்படைச்சா மறுநாள்தான் முதல் நாள். உதாரணத்துக்கு, ஜூன் 5 வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்களை விடுவிக்கிறாங்கன்னு வைங்க. கணக்கு 6-ம் தேதி சனிக்கிழமை ஆரம்பிச்சு 15-ம் தேதி திங்கட்கிழமை முடியும். நடுவுல வர்ற சனி, ஞாயிறும் அந்தப் பத்துல சேர்த்திதான். 16-ம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில மதுரை ஆபீஸ்ல கையெழுத்து போட்டாகணும். அதனால, விடுவிக்கிற கடிதத்துல 'முற்பகல்', 'பிற்பகல்'னு ஒரு வார்த்தை இருக்கும், அதைத் தேடிப் பாருங்க.

இன்னொரு இனிப்பும் உண்டு. 'அவசரம், உடனே வந்து சேருங்க'ன்னு மதுரைக்காரங்க கூப்பிட்டு, நீங்க மூணே நாள்ல போய்ச் சேர்ந்துட்டீங்க. மீதி ஏழு நாள் வீணாகாது. ஈட்டிய விடுப்பா உங்க கணக்குல ஏறும். அதை விட்டுடாம எழுதிக் கேளுங்க.

நீங்களா கேட்டு வாங்கின மாறுதலா இருந்தா? இந்தப் பத்து நாளும் இல்லை. உங்க சொந்த லீவைப் போட்டுத்தான் வீடு மாத்தணும்!

அப்போ கேட்கவே கூடாதா?

அப்படிச் சொல்லலை. கேட்காம காத்திருந்தா, மதுரைக்கு வேற யாரையாவது அனுப்பிட்டு உங்களை கவுஹாத்திக்கு அனுப்பலாம். அப்பாவுக்கு ஆபரேஷன், வீட்டுல ஆள் இல்லைங்கிற நிலைமையில முப்பதாயிரத்தைப் பார்த்துட்டு உட்கார முடியுமா? தாராளமா எழுதிக் குடுங்க. ஆனா விலை தெரிஞ்சு குடுங்க. அதுக்கு முன்னாடி நிர்வாகப் பிரிவுல போய் ரெண்டு கேள்வி கேளுங்க. 'இந்தக் காலியிடத்தை நீங்களே ஆள் அனுப்பி நிரப்பப் போறீங்களா? நான் ரிக்வெஸ்ட் குடுத்தா சீனியாரிட்டி பாதிக்குமா?' சில துறைகள்ல சொந்தக் கோரிக்கையில வேற மண்டலத்துக்குப் போனா, அங்கே இருக்கிற வரிசையில கடைசி ஆளா நிக்கணும். அது முப்பதாயிரத்தைவிடப் பெரிய விலை.

'வர மாட்டேன்'னு சொன்னா?

ஆர்டர் பிடிக்கலை, மனு போட்டிருக்கோம், பதில் வர்ற வரைக்கும் போக வேண்டாம்னு சில பேர் வீட்டுல உட்கார்ந்துடுவாங்க. குஜராத் மின்வாரியத்துல ஒரு டெபுடி இன்ஜினீயர் அப்படித்தான் செஞ்சார். மாத்தின இடத்துல போய்ச் சேரலை. வேலை போச்சு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1989-ல் வாரியத்துக்குச் சாதகமாத்தான் தீர்ப்பு வந்தது. இடமாறுதல்ங்கிறது வேலையோட ஒரு பகுதி. மனு குடுத்திருக்கேங்கிறதுக்காகப் போகாம இருக்க முடியாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. ஆர்டரை ரத்து பண்ணவோ, நிறுத்தி வைக்கவோ இல்லைன்னா, முதல்ல போய்ச் சேருங்க. மனுவை அங்கேர்ந்து போடுங்க.

அதுக்காக நிர்வாகம் என்ன வேணா செய்யலாம்னும் இல்லை. 2008-ல் சோமேஷ் திவாரி வழக்குல, யாரோ பேர் போடாம எழுதின புகாரை வெச்சு ஒரு அதிகாரியை போபால்லேர்ந்து ஷில்லாங்குக்கு மாத்தியிருந்தாங்க. தண்டனைக்குப் பதிலா டிரான்ஸ்ஃபரைப் பயன்படுத்தினா அது செல்லாதுன்னு அதே உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. பார்த்தீங்களா, இங்கேயும் விஷயம் முதல் வரிதான். 'நிர்வாகக் காரணம்'னு எழுதியிருந்தா அது நிஜமான காரணமா இருக்கணும்.

கம்பெனிக்குப் போறவங்களுக்கு...

'நாங்க ஐ.டி. பார்ட்டி, எங்களுக்கு என்ன?'ன்னு பின் பெஞ்ச்ல குரல் கேட்குது. உங்களுக்கு இந்த 80 சதவிகிதம், 10 நாள் எதுவும் தானா வராது. கம்பெனி பாலிசியும் உங்க கையில இருக்கிற லெட்டரும் என்ன சொல்லுதோ அதுதான் கிடைக்கும். ஆஃபர் லெட்டர்ல 'எந்தக் கிளைக்கும் மாற்றப்படலாம்'னு ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். சம்பளத்தைப் பார்க்கிற சந்தோஷத்துல அதைப் பார்க்காம கையெழுத்து போட்டிருப்பீங்க.

டிரான்ஸ்ஃபர் லெட்டர் வந்ததும், இடமாற்றப் படின்னு போட்டிருக்கிற தொகை மொத்தமாத் தர்றதா, பில் குடுத்தாத்தான் தர்றதான்னு பாருங்க. ஒரு வருஷத்துக்குள்ள வேலையை விட்டா அதைத் திருப்பித் தரணும்னு ஒரு வரி ஒளிஞ்சிருக்கான்னும் பாருங்க. ஹெச்.ஆர். போன்ல 'எல்லாம் பார்த்துக்கலாம்'னு சொன்னா, 'அதை ஒரு மெயில்ல போட்டுடுங்க மேடம்'னு சிரிச்சுக்கிட்டே கேளுங்க. வாயில சொன்ன பணம் சம்பளப் பட்டியல்ல ஏறாது. லாரி ரசீது, டிக்கெட் எல்லாத்தையும் பத்திரமா வெச்சுக்குங்க. இடம் மாறுறதுக்குன்னு குடுத்த படியில, அதுக்காக நிஜமா செலவு பண்ணின அளவுக்கு வருமான வரி கிடையாது. மிச்சம் பிடிச்ச பணத்துக்கு வரி உண்டு.

அரசு வேலைக்காரங்களுக்கும் இதுல ஒரு கெடு இருக்கு. பயணம் முடிஞ்ச 60 நாளுக்குள்ள பயணப்படி பில்லைக் குடுத்துடணும். மதுரைக்குப் போன குஷியில ஜிகர்தண்டா குடிச்சுக்கிட்டே மூணு மாசம் ஓட்டினா, கிடைக்க வேண்டிய பணமும் சிக்கல்ல மாட்டிக்கும்.

சரி, அந்த ராத்திரிக்குத் திரும்புவோம். பேப்பர் இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு. சீனியர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனா, காலியிடத்தை ஆபீஸே நிரப்பப் போகுதான்னு நாளைக்குக் காலையில கேட்டுட்டு அப்புறம் எழுதினா என்ன குறைஞ்சுடும்? ஒரு ராத்திரிதானே! சொந்த ஊர் எங்கேயும் போயிடாது பாஸ்.