முட்டி வலிக்காரர் தேடினால் கிடைக்குமா?

யூடியூப் தேடல் பெட்டியில் ‘தொப்பை’ என்று தட்டினால் போதும், ‘குறைய’ என்று மீதியை அதுவே முடித்துத் தரும். வீட்டு உடற்பயிற்சி வீடியோ போடுகிறவருக்கு அங்கேதான் முதல் சிக்கல். ஜனங்கள் தேடும் சொல் டிஸ்கிரிப்ஷனில் இருந்தால்தான் வீடியோ அவர்கள் கண்ணில் படும். அந்தச் சொல்லை அப்படியே எடுத்து வைத்தாலோ, வீடியோவால் செய்ய முடியாத ஒன்றுக்கு வாக்குக் கொடுத்ததாகிவிடும். வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுத் தசை வலுவாகும். அதன் மேலிருக்கும் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. உடல் கொழுப்பை எந்த இடத்திலிருந்து எடுக்கும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

ஒரு வீடியோவை எடுத்துக்கொள்வோம். பதினாறு நிமிடம் ஓடுகிறது, குதிப்பது கிடையாது, ஒரு நாற்காலியும் சுவரும் போதும். நாற்பதைத் தாண்டிய, பல வருடமாக உடற்பயிற்சியே செய்யாத, மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிற ஒருவருக்காக எடுத்தது. இதற்கு டிஸ்கிரிப்ஷன் எழுத வேண்டும்.

எழுதுகிறவரின் கை முதலில் போவது கலோரிப் பக்கம்தான். ‘15 நிமிடத்தில் 300 கலோரி’ என்று போட்டால் கிளிக் விழும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடல் உழைப்பின் கடுமையை அளக்க ‘மெட்’ என்று ஓர் அலகு இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். இந்த மாதிரி மிதமான வீட்டுப் பயிற்சி சுமார் 3.5 மெட். அதை உடல் எடையாலும் நேரத்தாலும் பெருக்கினால் தோராயமான கலோரி கிடைக்கும். 65 கிலோ எடையுள்ளவர் கால் மணி நேரம் செய்தால் 3.5 × 65 × 0.25, அதாவது ஏறத்தாழ 57 கலோரி. ஒரு இட்லி அளவுதான். மூச்சு வாங்கக் குதிக்கிற 8 மெட் பயிற்சியாக இருந்தாலும் அதே கால் மணியில் 130 தேறும், 300 வராது. ஆகவே கலோரியை விட்டுவிடலாம். எழுதியே ஆக வேண்டுமென்றால் எடையையும் நேரத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

பலனைச் சொல்லாமல் எதைச் சொல்வது? ஆளைச் சொல்லலாம், பயிற்சியின் பெயரைச் சொல்லலாம். இரண்டும் தேடப்படுகிற சொற்கள்தான், இரண்டுமே பொய்யாகாதவை. டிஸ்கிரிப்ஷனில் 5,000 எழுத்துகள் வரை இடம் உண்டு என்றாலும், விரித்துப் பார்க்காதவர் கண்ணில் படுவது முதல் ஓரிரு வரி மட்டுமே. வணக்கம் சொல்வதற்கும் சப்ஸ்கிரைப் செய்யச் சொல்வதற்கும் அந்த இடத்தைச் செலவழிப்பது வீண். நமது வீடியோவுக்கு இப்படித் தொடங்கலாம்:

“முழங்கால் வலி உள்ளவர்களும் செய்யக்கூடிய 16 நிமிட வீட்டு உடற்பயிற்சி. குதித்தல் இல்லை, நாற்காலி ஸ்க்வாட், சுவர் புஷ்-அப், க்ளூட் பிரிட்ஜ். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு.”

யாருக்கு, எவ்வளவு நேரம், எவ்வளவு கடினம், என்னென்ன பயிற்சி என்று நான்கும் வந்துவிட்டன. தேடுகிறவர் தட்டக்கூடிய சொற்களும் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கின்றன.

தமிழில் தேடுகிறவர்களிடம் ஒரு வசதியும் தொல்லையும் சேர்ந்தே இருக்கிறது. ஒருவர் ‘முழங்கால் வலி உடற்பயிற்சி’ என்று தமிழில் தட்டுவார். மகள் `knee pain exercise in tamil` என்று தட்டுவாள். இன்னொருவர் `muttu vali exercise` என்பார். மூன்று பேரும் கேட்பது ஒன்றையே. மூன்றையும் வாக்கியமாக்க முடியாதுதான். தமிழ்ப் பெயரை முதல் வரியிலும், ஆங்கிலப் பெயரை டிஸ்கிரிப்ஷனின் கீழ்ப்பகுதியில் ஒரு வாக்கியத்திலும் வைத்துவிட்டு, எழுத்துக்கூட்டல் மாறிவரும் வடிவங்களை ‘டேக்’ பெட்டிக்குள் போடலாம். அந்தப் பெட்டி தேடலில் பெரிதாக உதவாது, தவறாக எழுத்துக்கூட்டப்படும் சொற்களுக்குத்தான் அது பயன்படும் என்று யூடியூபே சொல்கிறது. சிலர் ஐம்பது சொற்களைக் காற்புள்ளி போட்டு டிஸ்கிரிப்ஷனின் அடியில் கொட்டிவைக்கிறார்கள். அது யூடியூபின் ஸ்பாம் விதிக்கே எதிரானது. ஹேஷ்டேக் இரண்டு மூன்று போதும். அறுபதைத் தாண்டினால் எல்லாவற்றையுமே யூடியூப் கணக்கில் எடுக்காது.

பயிற்சியின் பெயரில் ஓர் எச்சரிக்கை. ஸ்க்வாட் என்பதைத் தோப்புக்கரணம் என்றும் எழுதினால் இன்னும் சிலர் வருவார்கள் என்று தோன்றும். ஆனால் தோப்புக்கரணத்தில் முட்டியை முழுக்க மடக்கிக் கீழே வரை போக வேண்டும். நமது வீடியோவில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதோடு சரி. முட்டி வலியோடு வருகிறவர் அந்தப் பெயரைப் பார்த்தால் பயந்து போய்விடுவார், அல்லது முழுக்க உட்கார்ந்து பார்ப்பார். வீடியோவில் எது இருக்கிறதோ அதன் பெயர் மட்டுமே வர வேண்டும்.

அடுத்தது உடல்நலக் குறிப்பு. அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். வெளிநாட்டுச் சேனல்களிலிருந்து எடுத்துப் போட்ட ஒரு நீண்ட பத்தி இருக்கும்: எந்தப் பயிற்சிக்கும் முன் மருத்துவரை அணுகவும், காயங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல. வழக்கு வந்தால் தப்பிக்க எழுதியது அது, பார்க்கிறவருக்காக எழுதியதல்ல. எல்லோரையும் டாக்டரிடம் அனுப்பினால் யாருமே போகமாட்டார்கள். போக வேண்டியவரும் அதில் அடக்கம்.

யார் போக வேண்டும் என்று சலித்தெடுக்க 1970களிலேயே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு கேள்வித்தாள் உருவானது. ‘பார்-கியூ’ என்பார்கள். மொத்தம் ஏழு கேள்விகள். இதயக் கோளாறு உண்டா, நெஞ்சு வலி வருகிறதா, மயக்கமோ தலைசுற்றலோ உண்டா, எலும்பு மூட்டில் தொல்லை உண்டா என்று போகும். ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றால் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால் மெதுவாகத் தொடங்கலாம். பல மாற்றங்களோடு இன்றும் புழக்கத்தில் இருக்கிற அந்தக் கேள்விகளின் சாரத்தை மூன்று நான்கு வரியில் தந்தால் போதும்.

அதோடு இந்த வீடியோவுக்கே உரிய ஆபத்துகளையும் யோசிக்க வேண்டும். முதலாவது, பிளாஸ்டிக் நாற்காலி. டைல்ஸ் தரையில் அது பின்னால் வழுக்கும். சுவரில் சாய்த்து வைத்தால்தான் எழுந்து உட்கார முடியும். இரண்டாவது, மூச்சை அடக்குவது. எழும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பிரஷர் உள்ளவர் எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மூன்றாவது, சர்க்கரை. இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் வெறும் வயிற்றில் செய்தால் அளவு ஒரேயடியாக இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு அதற்கு அடையாளம். நான்காவது, படுத்துச் செய்யும் க்ளூட் பிரிட்ஜ். கர்ப்பத்தின் பிற்பகுதியில் மல்லாந்து படுத்துச் செய்வது ஏற்றதல்ல. இப்படி எழுதலாம்:

“இதயக் கோளாறு, நெஞ்சு வலி, மயக்கம், சமீபத்தில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிரஷர் உள்ளவர்கள் மூச்சை அடக்க வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம். நாற்காலியைச் சுவரில் சாய்த்து வையுங்கள். முட்டி குத்தினால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரமாக்குங்கள். அப்படியும் குத்தினால் அந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கண் இருட்டல் வந்தால் உடனே நிறுத்தி 108-ஐ அழையுங்கள்.”

தலையணை சும்மா சொன்னதல்ல. இருக்கை உயர உயர முட்டி மடங்கும் கோணம் குறையும், பாரமும் குறையும். மறுநாள் தொடையில் வரும் வலியைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாம். இரண்டு மூன்று நாளில் தணிகிற, தசை முழுக்கப் பரவிய வலி புதிதாகச் செய்பவர்களுக்கு இயல்பு. மூட்டில் ஒரே இடத்தில் கூர்மையாகக் குத்துவதும் வீங்குவதும் இயல்பல்ல.

இதற்குக் கீழே நேரக்குறிகள். 0:00-இல் தொடங்கி, வரிசையாக, குறைந்தது மூன்று இருந்தால் யூடியூப் அவற்றை அத்தியாயங்களாக்கும். ஒவ்வொன்றும் பத்து நொடிக்காவது நீள வேண்டும்.

```
0:00 யாருக்கு, என்ன தேவை
1:00 இடத்திலேயே நடை (வார்ம்-அப்)
4:00 நாற்காலி ஸ்க்வாட்
6:30 சுவர் புஷ்-அப்
8:30 குதிகால் உயர்த்துதல்
10:30 க்ளூட் பிரிட்ஜ் (படுத்து)
13:00 தசை நீட்டல்
#homeworkout #முழங்கால்வலி
```

இதில் ஒரு தீமையும் உண்டு. அத்தியாயம் போட்டால் நேராக 4:00-க்குத் தாவி, வார்ம்-அப்பைத் தவிர்ப்பார்கள். அதனால் நாற்காலி ஸ்க்வாட்டின் முதல் சில தடவைகளை வீடியோவிலேயே பாதி அளவு வரை மட்டும் செய்து காட்டுவது நல்லது. படுத்துச் செய்வதை நேரக்குறியிலேயே சொல்லியிருப்பதால் அது வேண்டாதவர் தாண்டிப் போய்விடலாம்.

டிவியில் பார்க்கிறவர்கள் டிஸ்கிரிப்ஷனை விரித்துப் படிப்பது அரிது. நெஞ்சு வலி, 108, நாற்காலி மூன்றையும் முதல் நிமிடத்தில் வாயாலும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை 0:00 அத்தியாயமாக ஒதுக்கியதற்கு அதுவே காரணம்.

வீடியோ வந்து சில வாரமானதும் ஸ்டூடியோவில் எந்தத் தேடல் சொல்லால் ஆட்கள் வந்தார்கள் என்று பார்க்கலாம். யூடியூப் தேடலில் ‘முழங்கால்’ என்று வந்தவர்கள் கடைசி வரை இருந்து, ‘தொப்பை’ என்று வந்தவர்கள் முதல் அரை நிமிடத்தில் போயிருந்தால், தலைப்பிலோ டிஸ்கிரிப்ஷனிலோ எங்கேயோ வயிறு புகுந்திருக்கிறது, அதை எடுத்துவிடலாம். ‘சிசேரியனுக்குப் பின்’ என்று தேடி சிலர் வந்திருந்தால், அந்தச் சொல்லைச் சேர்க்கத் தோன்றும். சேர்க்கக் கூடாது. பிரசவத்துக்குப் பின் வயிற்றுத் தசையை எப்போது, எப்படி வேலை வாங்குவது என்பது தனிக் கணக்கு; அதற்கு பிசியோதெரபிஸ்ட் ஒருவரோடு சேர்ந்து வேறு வீடியோ எடுக்க வேண்டும். அதுவரை இந்த வீடியோவின் உடல்நலக் குறிப்பில், ‘சிசேரியன் முடிந்து மருத்துவர் அனுமதிக்கும் வரை இது வேண்டாம்’ என்று ஒரு வரி கூடட்டும்.